பேபேக் நன்றாக வருகிறது, என்பிவி மைனஸில் நிற்கிறது. எங்கே தப்பு?

மதன்_கணக்கு
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். முதலாளி புதிதாக ஒரு சிஎன்சி லேத் வாங்கப் போகிறார். விலை 20 லட்சம். வருஷத்துக்கு 6 லட்சம் நிற்கும், 3 வருஷம் 4 மாசத்தில் போட்ட பணம் வந்துவிடும், அதுதான் பேபேக் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டார். ஆடிட்டர்தான் என்பிவியும், அதாவது இனி வரும் காசை இன்றைய மதிப்புக்குச் சுருக்கி அதில் போட்ட பணத்தைக் கழித்த மிச்சத்தையும், போட்டு அனுப்பச் சொன்னார். எக்ஸெல்லில் முதலாளி சொன்ன 14 சதவீதம் வைத்துப் போட்டால் −11,90,135 என்று வருகிறது. ஒரே மெஷின், ஒரு கணக்கு வாங்கு என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. நாளைக் காலைக்குள் வேண்டும். அவசரம்.

லேத்து_லோகு
தம்பி, புது மெஷினே எதற்கு? நான் திருமுடிவாக்கத்தில் 9 லட்சத்துக்குப் பழைய சிஎன்சி எடுத்துப் போட்டேன். வருஷம் 3.6 லட்சம் நிற்கிறது. இரண்டரை வருஷத்தில் பணம் கைக்கு வந்துவிடும். முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

ரேவதி_காஸ்டிங்
மதன், கொடுத்த விவரம் போதாது. 20 லட்சம் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்று வைத்திருக்கிறீர்கள்? 6 லட்சம் எதையெல்லாம் கழித்த பிறகு? லோன் எவ்வளவு? முக்கியமாக, ஷீட்டில் வருஷத்துக்கு என்ன தொகை போட்டிருக்கிறீர்கள்?

எக்ஸெல்_ஏகாம்பரம்
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஃபார்முலாவைத் தட்டும் முன் அது என்ன செய்கிறது என்று ஒரு நிமிஷம் படித்தால் என்ன? எக்ஸெல்லின் NPV, வரிசையில் இருக்கும் முதல் தொகையை முதல் வருஷக் கடைசியில் வருவதாக எடுத்துக்கொள்ளும். மெஷினுக்குக் கொடுக்கும் 20 லட்சத்தையும் நீங்கள் அந்த வரிசைக்குள் வைத்திருப்பீர்கள். அது இன்றைக்கே போகிற பணம், B2-இல் மைனஸாக வைத்து NPV-க்கு வெளியில்தான் சேர்க்க வேண்டும்.

```
தப்பு: =NPV(14%,B2:B9)
சரி:   =NPV(14%,B3:B9)+B2
```

அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

மதன்_கணக்கு
ஏகாம்பரம் சார், உள்ளேதான் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடி மாற்றினேன். இப்போது −13,56,754. இன்னும் மோசமாகிவிட்டதே?

எக்ஸெல்_ஏகாம்பரம்
அப்படியென்றால் மெஷின் வாங்கத் தகுதியில்லை. ஃபார்முலா பொய் சொல்லாது.

ரேவதி_காஸ்டிங்
ஃபார்முலா பொய் சொல்லாது, உள்ளே போட்ட எண் சொல்லும். 20 லட்சத்தில் 13.57 கழித்தால் 6.43 லட்சம். அதாவது மதன் போட்டிருக்கும் வருமானம் முழுவதற்கும் இன்றைய மதிப்பு அவ்வளவுதான். 14 சதவீதத்தில் 7 வருஷத்துக்கு, வருஷா வருஷம் வரும் ஒரு ரூபாயின் மொத்த மதிப்பு 4.288. 6.43-ஐ அதால் வகுத்தால் சரியாக 1.5 லட்சம் வருகிறது. மதன், பேபேக்குக்கு 6 லட்சம், என்பிவிக்கு 1.5 லட்சமா? மீதி 4.5 எங்கே போனது?

மதன்_கணக்கு
ஆமாம் மேடம், 7 வருஷம், 1.5 லட்சம்தான். 6 லட்சத்தில் தேய்மானம் 3 லட்சம் (15%), வட்டி 1.5 லட்சம் கழித்தேன். லாபம் என்றால் அதுதானே? 20 லட்சம் ஜிஎஸ்டி இல்லாமல், அது கிரெடிட்டில் வந்துவிடும். லோன் 15 லட்சம், 11%, 5 வருஷம். 7 வருஷம் கழித்து 3 லட்சத்துக்குப் போகும் என்கிறார் முதலாளி. அதைச் சேர்க்கவில்லை.

ரேவதி_காஸ்டிங்
லாபம் அதுதான். ஆனால் என்பிவிக்கு லாபம் வேண்டாம், கையில் வரும் காசு வேண்டும்.

தேய்மானத்தை எடுங்கள். அந்த 3 லட்சத்தை யாருக்காவது செக் எழுதிக் கொடுக்கிறீர்களா? மெஷினின் முழு விலையையும் இன்றைக்கே 20 லட்சமாகக் கழித்தாயிற்று. தேய்மானம் என்ற பெயரில் அதே விலையைத் துண்டு துண்டாக மறுபடியும் கழித்தால், ஒரே மெஷினுக்கு இரண்டு முறை பணம் கட்டியது போல ஆகிவிடும்.

வட்டியும் அப்படியே. போட்ட பணத்துக்கு வருஷம் 14 சதவீதம் வேண்டும் என்றுதானே அந்த வீதத்தை வைத்தீர்கள்? பாங்க் வட்டி அதற்குள் அடங்கிவிட்டது. வருமானத்தில் வட்டியைக் கழித்து, மிச்சத்தை 14-இல் சுருக்கினால் கடனுக்கு இரண்டு தடவை கூலி. தவிர 1.5 லட்சம் முதல் வருஷ வட்டி. அசல் குறையக் குறைய அதுவும் குறையும், 5 வருஷத்தில் லோனே முடிந்துவிடும். நீங்கள் 7 வருஷத்துக்கும் அதையே இழுத்திருக்கிறீர்கள்.

இரண்டையும் எடுத்துவிட்டு 6 லட்சத்தை வையுங்கள். 6 × 4.288 = 25.73. அதில் 20 போனால் பிளஸ் 5.73 லட்சம். கடைசியில் வரும் 3 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 1.20 லட்சம். அதையும் சேர்த்தால் 6.93.

ஓய்வு_மேனேஜர்
பாங்கில் லோன் சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்பதால் ஒரு வார்த்தை. வட்டியைக் கழிக்காதே என்பது புத்தகத்துக்குச் சரி. 15 லட்சத்துக்கு மாசத் தவணை ஏறக்குறைய 32,600 ரூபாய், வருஷத்துக்கு 3.9 லட்சம். 6 லட்சத்தில் அது போனால் கையில் 2.1 லட்சம். பார்ட்டி பில்லை மூன்று மாசம் இழுத்தால் தவணை நிற்கும். பாங்க் பார்ப்பது அதைத்தான்.

ரேவதி_காஸ்டிங்
சார், அதை நான் மறுக்கவே இல்லை. மெஷின் லாபமானதா என்பது ஒரு கேள்வி, தவணை கட்ட மாசா மாசம் காசு இருக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே ஷீட்டில் கலந்ததால்தான் மதனுக்கு மைனஸ் வந்தது. தவணைக்கு மாசவாரியாகத் தனி ஷீட் போடட்டும்.

லேத்து_லோகு
என் மெஷினைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. புதுசுக்கு மூணே கால் வருஷத்துக்கு மேல், எனக்கு இரண்டரை. பிறகு எது நல்லது?

ரேவதி_காஸ்டிங்
அண்ணா, உங்கள் மெஷின் எத்தனை வருஷம் தாங்கும்?

லேத்து_லோகு
நிஜத்தைச் சொன்னால் மூணு வருஷம். ஸ்பிண்டில் இப்போதே சத்தம் போடுகிறது. அப்புறம் ஒரு லட்சத்துக்குத் தள்ளிவிடலாம்.

ரேவதி_காஸ்டிங்
3.6 லட்சம் மூன்று வருஷத்துக்கு, 14 சதவீதத்தில் 8.36 லட்சம். கடைசியில் வரும் ஒரு லட்சத்துக்கு 67 ஆயிரம் சேர்த்தால் 9.03. போட்டது 9. மொத்த என்பிவி மூவாயிரம் ரூபாய்ச் சொச்சம். அந்த ஒரு லட்சம் வராவிட்டால் மைனஸ். பேபேக் உங்களைத்தான் முன்னால் நிறுத்துகிறது. ஏனென்றால் போட்ட பணம் வந்த நாளோடு அது கண்ணை மூடிக்கொள்ளும். உங்களுக்கு அதற்குப் பிறகு ஆறு மாசம்தான் இருக்கிறது, மதனின் மெஷினுக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வருஷா வருஷம் வரும் காசையும் சுருக்கிப் பார்த்தால் மதனுக்கே பணம் திரும்ப 4 வருஷம் 10 மாசம் ஆகும்.

லேத்து_லோகு
கணக்கு சரியாக இருக்கலாம். ஆர்டர் நின்றால் எனக்கு மாட்டிக்கொள்வது 9 லட்சம், அவருக்கு 20. அந்த 14 சதவீதத்தில் இது எங்கே இருக்கிறது? மூணு வருஷம் கழித்து இன்னொரு பழைய மெஷின் எடுப்பேன். 7 வருஷத்தையும் 3 வருஷத்தையும் பக்கத்தில் வைப்பது நியாயமா?

ஓய்வு_மேனேஜர்
லோகு கேட்பது ஞாயம். சின்ன முதலாளி பேபேக் பார்ப்பது விவரம் இல்லாமல் இல்லை. நாலு வருஷம் கழித்து எந்த பார்ட்டி இருப்பான் என்று யாருக்குத் தெரியும்?

எக்ஸெல்_ஏகாம்பரம்
அதற்குத்தான் வீதத்தைக் கூட்டுவது. பயம் இருந்தால் 18 வையுங்கள். பேபேக் என்பது கணக்கே இல்லை, ஊகம்.

லேத்து_லோகு
14, 18 என்பது மட்டும் ஊகம் இல்லையோ?

ஷிஃப்ட்_சுகுமார்
வீதத்தை விடுங்கள். அந்த 6 லட்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மதன், மணிக்கு என்ன ரேட்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

மதன்_கணக்கு
மணிக்கு 400 ரூபாய், நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். 14.4 லட்சம். ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், இன்சர்ட், கூலன்ட், மெயின்டனன்ஸ் எல்லாம் 8.4 லட்சம்.

ஷிஃப்ட்_சுகுமார்
12 மணி நேரம் மெஷின் ஓடுமா, ஆள் 12 மணி நேரம் நிற்பானா? நான் பார்த்த ஷாப்களில் ஜாப் மாறும்போது பீஸைப் பிடிக்கும் ஜாவைக் கழற்றி மாட்டி, ஆஃப்செட் சரிபார்த்து, முதல் பீஸைக் க்யூசி பாஸ் பண்ணுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த நேரத்துக்கு பார்ட்டி பணம் தர மாட்டான். மெட்டீரியல் வராமல் சும்மா நிற்பது வேறு.

ரேட்டையும் பாருங்கள். பார்ட்டி வருஷா வருஷம் குறைக்கச் சொல்வான். 400 என்பது 360 ஆனால் வருமானத்தில் 1.44 லட்சம் போகும். ஆபரேட்டர் சம்பளமோ கரண்ட்டோ அதற்காகக் குறையாது. 6 லட்சம் 4.56 ஆகிவிடும்.

ரேவதி_காஸ்டிங்
சுகுமார் சார் கைவைத்த இடம்தான் இடம். விற்கும் விலையைச் சேர்க்காமல் பார்த்தால், என்பிவி பூஜ்யம் ஆவதற்கு வருஷம் 4.66 லட்சம் வர வேண்டும். 4.56 என்றால் மைனஸ் 44 ஆயிரம். ரேட்டில் பத்து சதவீதம் குறைந்தாலே 5.73 லட்சமும் காலி. மதன், ஆடிட்டருக்கு ஒரே எண்ணை அனுப்பாதீர்கள். 400, 380, 360 என்று மூன்று வரி போட்டு அனுப்புங்கள்.

எக்ஸெல்_ஏகாம்பரம்
இவ்வளவு பேசுகிறீர்கள், வருமான வரியை மறந்துவிட்டீர்கள். தேய்மானம் ரொக்கம் இல்லை, சரி. வரியைக் குறைக்கிறதே, அது ரொக்கம்.

ரேவதி_காஸ்டிங்
சரியான பாயிண்ட். தேய்மானம் திரும்ப உள்ளே வரும் ஒரே வழி அதுதான். 30 சதவீத வரி என்று வைத்தால் 6 லட்சம் 4.2 ஆகும். தேய்மானத்தால் மிச்சமாகும் வரி முதல் வருஷம் 90 ஆயிரம், அடுத்தது 76,500. வருமான வரியில் 15 சதவீதம் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல் என்பதால் வருஷா வருஷம் இறங்கும். 7 வருஷத்துக்கும் போட்டு, மெஷின் விற்ற 3 லட்சத்தையும் சேர்த்தால் என்பிவி சுமார் 1.9 லட்சம். பிளஸ்தான், ஆனால் மெல்லிசு.

எக்ஸெல்_ஏகாம்பரம்
வரிக்குப் பிந்தைய காசுக்கு, வரிக்கு முந்தைய 14 சதவீதமா?

ரேவதி_காஸ்டிங்
14 முதலாளி வாய்க்கு வந்தபடி சொன்னது. வரிக்கு முந்தையதா பிந்தையதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். மதன், கேட்டுச் சொல்கிறீர்களா?

மதன்_கணக்கு
எல்லோருக்கும் நன்றி. +5.73 வந்தது, ஷீட்டை ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டேன். முதலாளி நேற்றே ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம்.

ஷிஃப்ட்_சுகுமார்
மூன்று ரேட்டும் போட்டு அனுப்பினீர்களா? அந்த அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அது போன பணம். இனி வாங்குவதா வேண்டாமா என்ற கணக்கில் மெஷின் விலை 20 இல்லை, 19.

லேத்து_லோகு
ஆள் லாக் அவுட் ஆகிவிட்டார். ரேவதி மேடம், நீங்கள் இருக்கிறீர்களா? என் ஸ்பிண்டில் மாற்ற 1.8 லட்சம் கேட்கிறான், மாற்றினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்கிறான். இதற்கு எப்படிப் போடுவது?