மூன்று தட்டாகப் பிரிக்கும் வேலைக்கு ஒரு சொல்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆளெடுப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். அதில் ஒரு இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். டிப்ளமோ பயிற்சியாளர்கள் 60 பேர் வேண்டும். வந்து குவிந்த ரெஸ்யூம் 1,800. பார்க்க இரண்டே பேர். ஒன்றுக்கு 40 நொடி என்று வைத்தாலும் மொத்தம் 20 மணி நேரம். ஆளுக்குப் பத்து மணி. அந்த 40 நொடியில் திறமையை எடைபோட முடியாது, எடைபோடவும் கூடாது. நான்கே கேள்வி: பாடப்பிரிவு சரியா, முடித்த ஆண்டு எங்கள் வரம்புக்குள் இருக்கிறதா, நிலுவை அரியர் இல்லையா, சொன்ன தேதிக்குள் சேர முடியுமா. அதை வைத்து மூன்று தட்டு. முதல் தட்டில் இருப்பவர்களை நேர்காணலுக்கு அழைக்கிறோம். இரண்டாவதில் இருப்பவர்களிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதுக்கு இம்முறை இல்லை என்று பதில் போகும்.

'குறும்பட்டியல்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது கடைசியில் கையில் கிடைப்பது. அந்தப் பிரிக்கும் வேலைக்கு என்ன சொல்லலாம்? 'கட்-ஆஃப்' என்பதற்கும் நல்ல சொல் வேண்டும்.

கார்த்திக்:

கட்-ஆஃப் எல்லோருக்கும் தெரிந்ததுதானே அக்கா. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடுகிறார்கள். 'தகுதி மதிப்பெண்' என்றே வைத்துவிடலாம். ரெஸ்யூமுக்கும் அப்படி மதிப்பெண் போட்டு, ஓர் இடத்துக்கு நான்கு பேர் என்று மேலிருந்து 240 பேரை நேர்காணலுக்கு எடுத்தால் வேலை முடிந்தது. மூன்று தட்டே தேவையில்லை.

சிவகுமார்:

கார்த்திக் தம்பி சொல்வதில் பாதி சரி. எண் போட்டால் வேகம் வரும் என்பது உண்மை. ஆனால் கலந்தாய்வில் ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்று நாம் சொல்வது, இடம் நிரம்பிய பிறகு கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண். அதை யாரும் முன்கூட்டி வைக்கவில்லை. முடிவிலிருந்து தெரிய வருகிறது. மலர்விழி கேட்பது முதல் ரெஸ்யூமைத் திறக்கும் முன்பே எழுதி வைக்கும் கோடு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வேலையிலும் குழப்பம் வரும். நான் கோவையில் பல வருடம் ஆள் அனுப்பும் தொழிலில் இருக்கிறேன், அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: காலையில் 60 சதவீதம் போதும் என்பார்கள். மத்தியானம் முதல் தட்டு நிறைந்துவிட்டதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமலே 70 ஆக்கிவிடுவார்கள். அப்புறம் அஞ்சலில் முன்னால் வந்தவனுக்கு ஒரு நியாயம், பின்னால் வந்தவனுக்கு வேறு நியாயம்.

அதனால் முன்பே வைப்பது 'முன்வரம்பு', பின்னால் தெரிவது 'கடைவரம்பு' என்று பிரித்துச் சொல்லலாம்.

மூன்று தட்டுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் `Y`, `N`, `?` என்ற மூன்றில் ஒன்றைப் போட்டால் போதும். நான்கு கேள்வியும் B முதல் E வரை உள்ள நிரல்களில் இருந்தால் எக்செல்லில் இந்த ஒரு வரி தட்டைச் சொல்லிவிடும்:

```
=IF(OR(B2="N",C2="N",D2="N",E2="N"),3,
 IF(OR(B2="?",C2="?",D2="?",E2="?"),2,1))
```

ஒரு `N` வந்தாலே மூன்றாம் தட்டு. `N` இல்லாமல் `?` இருந்தால் இரண்டாம் தட்டு. பார்ப்பவர் தட்டைத் தீர்மானிப்பதில்லை, கேள்விக்குப் பதில் மட்டும் போடுகிறார். இதுதான் முக்கியம். முகவரியைப் பார்த்தும் ஆங்கிலத்தைப் பார்த்தும் கை தானாக இழுப்பது இதில் பெருமளவு குறையும்.

இராசேந்திரன்:

நல்ல விளக்கம், சிவகுமார். 'முன்வரம்பு' எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிக்கும் வேலைக்கு என் முதல் நினைவு புடைத்தல். முறத்தில் புடைத்தால் அரிசி, நொய், உமி என்று மூன்றாகவே பிரியும்.

இதில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினராகப் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று சொல்கிறது. வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு. இவையெல்லாம் குடவோலை எடுக்கும் முன்பே எழுதி வைத்த வரம்புகள். ஆனால் அரைக்கால் நிலமே உள்ளவரும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவராக இருந்தால் பெயர் எழுதலாம் என்று விலக்கு இருக்கிறது. விலக்கையும் முன்பே எழுதி வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வாய்பாட்டில் அதற்கு இடமில்லையே?

பரிதா:

ஐயா, உமி என்ற சொல் வேண்டாம். என் தம்பி டிப்ளமோ முடித்து மூன்று வருடம் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டான். இப்போது எங்கே போட்டாலும் 'முடித்த ஆண்டு' என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். அவன் உமியா? அந்தத் தட்டின் பெயர் என்றைக்காவது அவன் கண்ணில் படும்.

மலர்விழி, உங்கள் கம்பெனியில் அவனுக்கு வாய்ப்பு உண்டா?

இராசேந்திரன்:

நீங்கள் சொல்வது சரி அம்மா. புடைத்தலை எடுத்துவிடுகிறேன். தரம் என்ற சொல்லும் கூடாது. 'முத்தரம்' என்றால் ஆளைத் தரம் பிரித்ததாகிவிடும். இங்கே பிரிவது நம் அடுத்த செயல் மட்டுமே. 'முத்தட்டுப் பிரிப்பு' என்று வைப்போம். தட்டுகளுக்கு 'அழை', 'கேள்', 'இம்முறை இல்லை' என்று செயலையே பெயராக வைக்கலாம்.

மலர்விழி:

முத்தட்டுப் பிரிப்பு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். முன்வரம்பும் சரி.

பரிதா அக்கா, தம்பியைப் பற்றி இங்கே வாக்கு கொடுக்க முடியாது. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆண்டு வரம்பு நியாயமா என்பது எனக்கும் உறுத்துகிற கேள்வி. இயந்திரத்தைத் தொட்டு ரொம்ப நாளாகியிருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது அது. அந்தக் கவலைக்கு ஆண்டு ஒரு மறைமுக அளவுதான். ஐயா சொன்ன விலக்கு இங்கே உதவும்: ஆண்டு கடந்திருந்தாலும் கடைசல் அல்லது சி.என்.சி. வேலை செய்ததாக எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் `N` போடாமல் `?` போட வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைக்கலாம். கடை பார்த்த தம்பிக்கு அது போதாது என்பது தெரியும்.

சிவகுமார் அண்ணா, 'கேள்' தட்டு வீங்கிவிட்டால் என்ன செய்வது? போன முறை 700 பேர் அதில் கிடந்தார்கள். எல்லோருக்கும் போன் போட ஆளில்லை.

சிவகுமார்:

அப்படி வீங்கினால் ரெஸ்யூமில் குறையைத் தேடாதீர்கள், கேள்வியில் தேடுங்கள். எந்தக் கட்டத்தில் `?` அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அரியர்தான். ரெஸ்யூமில் யாரும் அதை எழுதுவதில்லை. அதை விண்ணப்பப் படிவத்திலேயே கட்டாயக் கேள்வியாக வைத்தால் பாதித் தட்டு காலியாகிவிடும். மிச்சம் உள்ளவர்களுக்கு ஒரே கேள்வி வைத்து வாட்ஸ்அப் அனுப்பி, இரண்டு நாள் கெடு கொடுங்கள்.

இன்னொன்று. மொத்தத்தையும் தொடும் முன் முதல் 50 ரெஸ்யூமை இரண்டு பேரும் தனித்தனியாகப் பாருங்கள், பேசிக்கொள்ளாமல். பத்துப் பன்னிரண்டில் வேறுபட்டால் உங்கள் வரம்பு எழுத்தில் தெளிவாக இல்லை என்று அர்த்தம். போன வருடம் 'பாடப்பிரிவு சரியா' என்பதிலேயே அப்படி ஆனது. ஒருவர் மெக்கட்ரானிக்ஸுக்கு `Y` போட்டார், இன்னொருவர் `N` போட்டார். பிரிவுகளின் பெயரை வரிசையாக எழுதி ஒட்டிய பிறகுதான் ஒத்துவந்தது. முடிந்த பிறகு மூன்றாம் தட்டிலிருந்து 30 ரெஸ்யூமைக் கண்ணை மூடி உருவி, மற்றவர் பார்க்க வேண்டும். அதில் மூன்று நான்கு தப்பாக விழுந்திருந்தால் அந்தத் தட்டு முழுவதையும் மறுபடி பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கார்த்திக்:

அண்ணா, முதல் தட்டிலேயே 600 பேர் வந்தால்? அழைக்க முடிவது 240 தானே. அப்போதாவது மதிப்பெண் வேண்டாமா?

சிவகுமார்:

அப்போது வேண்டும், தம்பி. அல்லது சீட்டுக் குலுக்கலாம். நான்கு கேள்வியிலும் தேறியவர்களுக்குள் இரண்டு சதவீத மதிப்பெண் வித்தியாசம் பயிற்சியாளர் வேலைக்கு எதையும் சொல்லாது என்பது என் கருத்து. நிர்வாகம் இதற்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இராசேந்திரன்:

உத்திரமேரூரில் ஒத்துக்கொண்டார்கள். வரம்பில் தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். இந்த இரண்டாவது படிக்கும் ஒரு சொல் வேண்டும். 'குடவோலை' என்றே வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மலர்விழி:

கையேட்டில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன், ஐயா. முதலில் மேலாளரிடம் குலுக்கல் பற்றிப் பேசிப் பார்க்கிறேன்.