சாப்பாட்டுச் செலவுக்குக் கவர் முறை: எனக்கு எங்கே தவறியது, எப்படிச் சரியானது

செம்பருத்தி (கோவை)

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் செலவைக் கவரில் ரொக்கம் போட்டு நடத்துகிறோம். முதல் இரண்டு மாதம் சரிவரவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். தொடங்கும்முன் மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, சாப்பாடு சம்பந்தப்பட்டதை எல்லாம் பென்சிலால் குறித்துக் கூட்டினேன். 20,400, 22,900, 21,200. சராசரியாக மாதம் 21,500 ரூபாய். அதில் மளிகை 6,200, பால் 1,900, காய் பழம் 4,000, கறி மீன் முட்டை 3,000. மீதி 6,400 வெளிச்சாப்பாடு. மளிகை பில்தான் ஏறுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த 6,400-ல் பெரிய ஹோட்டல் பில் ஒன்றுகூட இல்லை. பப்ஸ், ஜூஸ், பேக்கரி டீ, ராத்திரி பரோட்டா பார்சல் என்று மாதத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் ஜிபேயில் போயிருக்கிறது. பெரும்பாலும் 200 ரூபாய்க்குள். அதனால் ஒன்றும் நினைவிலேயே இல்லை.

முதல் மாதம் ஒன்றாம் தேதியே எல்லாவற்றுக்கும் கவர் போட்டேன். வெளிச்சாப்பாட்டுக்கு வெறும் 2,500. கவர் நிறைய நோட்டு இருக்கும்போது கை தாராளமாகப் போய்விடுகிறது. பதினெட்டாம் தேதி காலி. அப்புறம் போனை எடுத்துவிட்டோம். இரண்டாவது மாதம் வாரத்துக்கு ஒன்றாக நான்கு கவர் போட்டேன். நன்றாகத்தான் போனது. ஆனால் 29, 30, 31 தேதிகளுக்குக் கவரே இல்லை!

மூன்றாவது மாதத்திலிருந்து தேதியை விட்டுவிட்டுச் சனிக்கிழமையைப் பிடித்தேன். வாராவாரம் சனிக்கிழமை 2,500 எடுப்பேன். காய், பழம், கறி, முட்டைக்கு ஒரு கவரில் 1,600. வெளிச்சாப்பாட்டுக்கு 900. பாலுக்குக் கவர் கிடையாது, அது ஏறி இறங்காத செலவு. மளிகைக்கு 6,000, மாதத் தொடக்கத்தில் லிஸ்ட் எழுதி ஒரே தடவையாக வாங்கிவிடுகிறோம். எல்லாம் சேர்ந்து இப்போது மாதம் சுமார் 18,700. பழைய கணக்கைவிட 2,800 குறைவு.

பொன்வண்டு (சென்னை)

அக்கா, நான் தனி ஆள், மேன்ஷனில் இருக்கிறேன். சமையல் கிடையாது. மெஸ்ஸுக்கு மாதப் பணம் கட்டிவிட்டேன், ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால் ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுகிறேன். அங்கே கவரில் இருக்கும் காசை எப்படிக் கொடுப்பது? இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு முறை உடைகிறது.

தெற்குவாசல் (மதுரை)

எங்கள் அப்பத்தா அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் ரூபாய் வைத்திருப்பார். அதெல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் 2016 நவம்பரில் பழைய 500, 1000 செல்லாது என்றபோது கவர் கவராகச் சேர்த்து வைத்திருந்த எத்தனை பெண்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள்! வீட்டில் ரொக்கம் சேர்க்காதீர்கள் அம்மா. அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுங்கள்.

செம்பருத்தி

ஐயா, இது சேர்க்கிற கவர் இல்லை, செலவழிக்கிற கவர். எந்த நேரத்திலும் வீட்டில் ஒரு வாரக் காசுக்கு மேல் இருக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி மிஞ்சுவது எண்பதோ நூறோதான். ஆனால் குறைகிற 2,800-ஐ ஆர்.டி.யில் போடச் சொன்னது நல்ல யோசனை. இதுவரை அது கணக்கிலேயே கிடக்கிறது.

நோட்டுக்கட்டு (திருச்சி)

முப்பது வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தவன். நானும் என் மனைவியும் நான்கு வருடமாக இப்படித்தான் நடத்துகிறோம்.

பொன்வண்டு தம்பிக்கு முதலில். ஆப்பில் 180 ரூபாய்க்கு ஆர்டர் போட்டால், அந்த நிமிடமே வெளிச்சாப்பாட்டுக் கவரிலிருந்து 180 எடுத்து வேறொரு கவரில் போடுங்கள். அதன்மேல் ‘போன்’ என்று எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை ஏடிஎம்மில் எடுக்கும்போது அந்தக் கவரில் இருக்கும் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் எடுத்தால் போதும். காலையில் செய்யலாம் என்று விட்டால் நடக்காது. கவரில் 180 இல்லையென்றால் ஆர்டரும் இல்லை.

இந்த முறை கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கவரில் காசு மிஞ்சும், ஆனால் வங்கி இருப்பு குறைந்துகொண்டே போகும். மிச்சம் பிடிக்கிறோம் என்று சந்தோஷப்படுவோம், உண்மையில் போன் வழியாகப் போயிருக்கும். வாரம் ஒருமுறை யூபிஐ பட்டியலையும் ‘போன்’ கவரையும் ஒத்துப் பாருங்கள்.

அப்புறம் சில்லறை. ஏடிஎம்மில் பெரும்பாலும் 500 தாளாக வரும். அதை அப்படியே கவரில் வைத்தால் உழவர் சந்தையில் முப்பது ரூபாய்க் கீரைக்கு நீட்ட முடியாது, ‘ஜிபே பண்ணுங்க’ என்பார்கள். கிளையில் கேட்டு 100, 50, 20 தாள்களாக மாற்றி வையுங்கள். 1,600 ரூபாயை இரண்டு 500, நான்கு 100, நான்கு 50 என்று வைத்தால் சரியாக ஓடும்.

செம்பருத்தி அம்மா, ஒன்று கவனியுங்கள். வருடத்தில் நான்கைந்து மாதம் ஐந்து சனிக்கிழமை வரும். அந்த மாதம் 2,500 கூடுதலாகப் போகும். நீங்கள் சொன்ன 18,700 வருடச் சராசரிதான். ஆர்.டி. போடுவதாக இருந்தால் 2,800 முழுவதையும் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மல்லிகை (ஈரோடு)

மொத்தமாக வாங்கினாலே செலவு பாதியாகிவிடும், கவரெல்லாம் எதற்கு? நான் மண்டியில் எண்ணெய் 15 லிட்டர் டின், அரிசி மூட்டை என்று எடுத்துவிடுவேன்.

நோட்டுக்கட்டு

விலை குறையும், அது உண்மை. அரிசிக்குச் சரி. எண்ணெய்க்கு நாங்கள் செய்து பார்த்தோம். டின் வீட்டில் இருந்த நாட்களில் வடை, அப்பளம், பூரி எல்லாம் கூடிவிட்டது. ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கியபோது இரண்டு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர் போதும், டின் வந்தபின் மூன்றானது. எத்தனை நாள் வந்தது என்று டின் மேலேயே தேதி எழுதிப் பாருங்கள்.

மல்லிகை

தேதி எழுதியதில்லை. இந்த டின்னுக்கு எழுதுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் எட்டுப் பேர், உங்கள் கணக்கு எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை.

கிணற்றடி (தஞ்சாவூர்)

எனக்கு வேறு சிக்கல். கவர் என்னிடம் இருக்கிறது, செலவு இரண்டு பேரிடமும் இருக்கிறது. அவர் ஆபீஸிலிருந்து வரும்போது பழம், மிக்சர் வாங்கி வருகிறார். கவரிலிருந்து அவரிடம் 300 கொடுத்தால் ‘என்னிடமே கணக்குக் கேட்கிறாயா’ என்கிறார். சொந்தக்காரர்கள் வந்தால் ஒரே நாளில் ஆட்டுக்கறிக்கு வாரக் கவர் முழுவதும் போய்விடுகிறது. விருந்தாளிக்கு என்று தனிக் கவர் வைப்பவர்கள் இருக்கிறீர்களா?

செம்பருத்தி

விருந்தாளிக் கவர் என்னிடமும் இல்லை, அக்கா. அப்படி ஒரு வாரம் வந்தால் அடுத்த வாரக் காசிலிருந்து முன்கூட்டியே எடுத்து, ‘600 எடுத்தது’ என்று கவருக்குள் சீட்டு எழுதி வைப்பேன். போன மாதம் இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று, இரண்டாவது சீட்டு இன்னும் அடையவில்லை.

வீட்டுக்காரர் விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் காசு கொடுப்பதை நிறுத்தினேன். வெளிச்சாப்பாட்டுக் கவரை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, எடுப்பவர் தொகையைக் கவர்மேலேயே எழுதட்டும் என்றேன். முதல் வாரம் அவர் எழுதவே இல்லை. இரண்டாவது வாரம் புதன்கிழமையே கவர் காலியாகி, பையன் வியாழக்கிழமை பப்ஸ் கேட்டபோது அவரே கவரைத் திறந்து பார்த்தார். அந்த வாரத்திலிருந்து எழுதுகிறார்.

பொன்வண்டு

நேற்று ராத்திரி ‘போன்’ கவரில் 210 போட்டேன். வெளிச்சாப்பாட்டுக் கவரில் இன்னும் 140 இருக்கிறது, சனிக்கிழமைக்கு நான்கு நாள். நோட்டுக்கட்டு அண்ணா, டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துத்தானே எடுக்க வேண்டும்?

நோட்டுக்கட்டு

ஆமாம் தம்பி, கணக்கில் கழிந்த தொகை எதுவோ அது முழுவதும்.