மின்தடையில் நின்ற பொதுக்குழுக் கூட்டத்தைக் குறிப்பில் எழுதுவது எப்படி?

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில், பராமரிப்புக் கட்டண உயர்வுக்குக் கைதூக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, காலை 11.42க்கு மின்சாரம் நின்றது. ஒலிப்பதிவும் அதோடு நின்றது. ஒலிபெருக்கி இல்லாமலே பேச்சு தொடர்ந்ததால், தலைவர் 11.50க்குத்தான் கூட்டத்தை ஒத்திவைத்தார். 12.25க்கு மீண்டும் தொடங்கியபோது 41 பேரில் 34 பேரே இருந்தனர். கோரம் 30 என்பதால் தடையில்லை, வாக்கெடுப்பும் முதலிலிருந்து நடந்தது.

இந்த நேரங்கள் என் கைபேசியில் பார்த்தவை. மண்டபக் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தி ஓடுவதால் அதை நம்பவில்லை.

பதிவில்லாத அந்த எட்டு நிமிடத்தில் இருவர் ஆட்சேபித்தது நினைவிருக்கிறது, சொற்கள் நினைவில்லை. அதை "ஒலிப்பதிவு இல்லை, செயலாளரின் கைக்குறிப்பின்படி" என்று எழுதி அவ்விருவரிடமும் கையொப்பம் பெறலாமா? பாதியில் நின்ற எண்ணிக்கையைக் குறிப்பிட வேண்டுமா, அல்லது வாக்கெடுப்பு முற்றுப்பெறவில்லை என்றால் போதுமா? தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.