உதவி: மகன் நட்ட பூசணி விதையில வேற காய், சமைக்கலாமோ?

சாந்தி_ஸ்காபரோ: வணக்கம். மகன் கடைப் பூசணியில எடுத்த விதையை நட்டவன். காய்ச்சது பூசணி மாதிரியே இல்லை. கரும்பச்சையில வெள்ளைக் கோடு, வளைஞ்ச கழுத்து, மேலெல்லாம் பரு. இரவைக்குக் கறி வைக்கச் சொல்லி நிக்கிறான். சமைக்கலாமோ? கெதியாச் சொல்லுங்கோ.

மாடித்தோட்டம்_ராஜி: எந்தப் பூசணிக்கா? நம்ம பரங்கியா, வெள்ளைப் பூசணியா? எத்தனை செடி? படம் போடுங்க.

முருகேசு: பக்கத்துல வெள்ளரி நிக்குதா? அந்த மகரந்தம் ஏறியிருக்கும். எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் கோணலா வந்துச்சு.

செடிப்பித்தன்: வெள்ளரி மகரந்தம் பூசணியில் சேரவே சேராது. அப்படியே சேரும் இனமாக இருந்தாலும் இந்த வருடப் பூவில் ஏறிய மகரந்தம் இந்த வருடக் காயை மாற்றாது. சதையும் தோலும் தாய்ச்செடியுடையவை, கலப்பு விதைக்குள்தான் போகும். இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

சாந்தி_ஸ்காபரோ: ஹாலோவீனுக்கு வாங்கின செம்மஞ்சள் பூசணி. முகம் வெட்டேக்க மகன் விதையைக் கழுவிக் காயவைச்சு, கடித உறைக்குள்ள போட்டு மேல தன்ர பேரும் எழுதி வைச்சவன். மே கடைசியில நட்டது, ரெண்டு செடி. மற்றதில உருண்டைக் காய், நிறம் மாறத் தொடங்கிட்டுது. படம் ஏறுதில்லை.

நிலா_வேளாண்: சாந்தி அக்கா, இப்போதைக்கு அடுப்பில வைக்காதீங்க.

ஹாலோவீன் பூசணி, சுக்கினி, அங்கே இலையுதிர் காலத்துல மேசை அலங்காரத்துக்கு விக்கிற பருப்பருவான சின்னச் சுரைகள்ல பல, எல்லாம் ஒரே இனம். பண்ணையில பக்கத்துப் பக்கத்து வரிசையில நின்னா தேனீ ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும். நீங்க வாங்கின காய் வெளியில நல்ல பூசணியாத்தான் இருந்திருக்கும். விதைக்குள்ள அப்பன் யாருங்கிறது முளைச்சு காய்ச்சாத்தான் தெரியும். ஒரே காயோட விதைகளுக்கே வேற வேற அப்பன் இருக்கலாம், அதனாலதான் ரெண்டு செடியும் ரெண்டு விதம்.

அலங்காரச் சுரை பலதுல கடுங்கசப்பு உண்டு. அந்தக் கசப்பு ஒரு பக்கத்துலேர்ந்து வந்தாலே போதும், காய்ல இறங்கிடும். வேகவச்சாலும் போகாது. 2015ல ஜெர்மனியில ஹைடன்ஹைம்ங்கிற ஊர்ல வீட்டுத் தோட்டத்துல விளைஞ்ச கசப்பு சுக்கினியைச் சமைச்சுச் சாப்பிட்டு 79 வயசுக்காரர் இறந்தார்.

ஒவ்வொரு செடியிலயும் ஒரு காயை நறுக்கி, நகக்கண் அளவு பச்சைத் துண்டை நாக்கு நுனியில வச்சுத் துப்புங்க. பெரியவங்க மட்டும் பண்ணுங்க, பையன் வேண்டாம். கசந்தா அந்தச் செடியோட ஒரு காயும் சாப்பாட்டுக்கு ஆகாது.

முருகேசு: தண்ணி பத்தலைன்னாலும் கசக்குமே?

நிலா_வேளாண்: செடிக்குள்ள கசப்பு இருந்தா, வெயிலும் வறட்சியும் அதைக் கூட்டலாம். பரு வச்ச காய்க்கு அது காரணம் இல்லண்ணே.

மாடித்தோட்டம்_ராஜி: என் பரங்கியில ஆண்பூ மட்டுமே பூத்து உதிருது. அதுவும் கலப்பா?

நிலா_வேளாண்: இல்லம்மா, முதல்ல ஆண்பூதான் வரும். பின்னாடி அடியில குட்டிக்காயோட பெண்பூ வரும், பொறுங்க.

முருகேசு: இதுக்குத்தான் ஹைப்ரிட் விதையே வேண்டாங்கிறேன். நாட்டு விதை போட்டா இந்தத் தொல்லையே கிடையாது.

செடிப்பித்தன்: நாட்டு விதை என்று தேனீயிடம் யார் சொல்வது? நாட்டுச் சுரைக்காயிலும் கசப்பு வருகிறது. கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரித்திருக்கிறது.

முருகேசு: எங்க பாட்டி காலத்துல யாரும் நாக்குல வச்சுப் பாத்துச் சமைக்கல.

மாடித்தோட்டம்_ராஜி: எங்க அம்மா இன்னிக்கும் சுரைக்காயை நறுக்கினதும் ஒரு துண்டு வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் குழம்புல போடுவாங்க அண்ணா.

நிலா_வேளாண்: ஹைப்ரிட்டா இருந்தா விதையில தாத்தா பாட்டி குணம் பிரிஞ்சு வந்து வடிவம் மாறலாம். ஆனா கசப்பு வந்தா எனக்குச் சந்தேகம் அலங்காரச் சுரை மேலதான். படம் பார்க்காம அதுக்கு மேல சொல்ல முடியாது.

சாந்தி_ஸ்காபரோ: பார்த்தன். பருக்காய் பொல்லாத கசப்பு, துப்பி வாய் கொப்பளிச்சும் போகேல்ல. உருண்டைக்காய் கசக்கேல்ல, அதைக் கறி வைக்கிறன். பருக்காயைக் காயவிட்டு அலுமாரிக்கு மேல வைக்கப்போறானாம். நல்ல காயின்ர விதையை வாற வருஷத்துக்கு எடுக்கலாமோ எண்டும் கேக்கிறான்.

நிலா_வேளாண்: கறி வைக்கலாம், சாப்பிடும்போது கசப்பு தட்டினா உடனே நிறுத்துங்க. விதை மட்டும் எடுக்காதீங்க. கசப்புச் செடி பக்கத்துலயே நின்னிருக்கு, அதே தேனீதான் ரெண்டுலயும் உக்காந்திருக்கும். அடுத்த வருஷம் அவனுக்கு ஆசைன்னா, நல்ல விதைப் பாக்கெட்டை வாங்கிப் போடட்டும். மறுநாள் விரியப்போற ஆண்மொட்டு ஒண்ணு, பெண்மொட்டு ஒண்ணு, சாயங்காலமே நூலால கட்டணும். காலையில அவிழ்த்து, ஆண்பூவோட இதழைக் கிள்ளிட்டு, தூளைப் பெண்பூவுல தடவி, பெண்பூவைத் திரும்பக் கட்டணும். காம்புல ஒரு துணி அடையாளம் வச்சா எந்தக் காயோட விதைன்னு தெரியும்.

செடிப்பித்தன்: காய்ந்த கசப்புக் காயையும் குப்பைக் குழியில் போடாதீர்கள். விதை அங்கேயே முளைக்கும்.