தாய்லாந்து மெயில்: முழுப்பெயர் ஒன்று, கீழே கையொப்பம் இன்னொன்று. யாரை எப்படி அழைப்பது?

கரூர் கணக்கன்
பாங்காக் பக்கத்தில் ஒரு துணி ஆலையோடு புதிதாகப் பேச்சு நடக்கிறது. மெயில் போடுவது நான்தான். எதிரில் எழுதுகிறவர் பெயர் சிரிபோர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்). கூடவே நீளமான ஒரு குடும்பப்பெயர். முதல் இரண்டு மெயிலில் அதே பெயர்தான் கீழேயும் இருந்தது. மூன்றாவதில் "Nok" என்று முடித்திருக்கிறார். உள்ளே, ஸ்டாக்கைப் பார்த்துவிட்டு நோக் நாளைக்குச் சொல்வாள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கடைசியில் `ka`. எங்கள் எம்.டி. "யாருப்பா அந்த நோக்? அவங்களையும் சிசியில போடு" என்கிறார். நோக் வேறு ஆளா? நான் மேடம் போடுவதா, மிஸ் போட்டுக் குடும்பப்பெயர் எழுதுவதா? தாய்லாந்துக்காரர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

லேடெக்ஸ் குமார்
ஹாட் யாய் பக்கத்திலிருந்து ரப்பர் பால் எடுக்கிறவன் நான். குடும்பப்பெயரை மறந்துவிடுங்கள், அங்கே யாரும் அதைச் சொல்லி அழைப்பதில்லை. முதல் பெயருக்கு முன்னால் Khun போட்டால் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே குன் என்பதால் மிஸ்டரா மிஸ்ஸா என்ற குழப்பமே வராது. `ka` என்பது மரியாதை ஒட்டு. பெண்களுக்கு எழுதினால் `ka`, ஆண்களுக்கு எழுதினால் `krub`. அவங்க `ka` போட்டால் நீங்களும் பதிலுக்கு `ka` போடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

நவரத்தினம், சீலோம்
குமார் தம்பி குன் பற்றிச் சொன்னது சரி. ஒட்டு விஷயத்தில் தலைகீழாகப் பிடித்துவிட்டார். கரூர்க்காரருக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்கிறேன். உங்கள் ஊரில் "சரிங்க" என்கிறீர்களே, அந்த 'ங்க' கேட்கிறவருக்காகப் போடுவது. தாய்லாந்து மொழியில் ஒட்டு சொல்கிறவரைப் பொறுத்தது. ஆண் பேசினால், எதிரில் பாட்டியே இருந்தாலும், `krub`. பெண் பேசினால் `ka`. ஆகவே அந்த அம்மாவுக்கு நீங்கள் `ka` என்று எழுதினால், உங்களையே பெண் என்று அறிவித்துக்கொள்வதாகும். இதில் ஒரு லாபமும் உண்டு. பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாதபோது வாக்கியக் கடைசியைப் பாருங்கள், எழுதுகிறவரே சொல்லியிருப்பார். `krub`, `krab`, `krap`, `kub` எல்லாம் ஒன்றுதான், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்.

நோக் வேறு ஆள் இல்லை, சிரிபோர்னேதான். இங்கே அநேகமாக எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து ஒரு செல்லப்பெயர் உண்டு. முழுப்பெயரோடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. நோக் என்றால் பறவை, லெக் என்றால் சின்னது. கோல்ஃப், பேங்க், பென்ஸ் என்றுகூட வைப்பார்கள். 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தன் செல்லப்பெயரையே சொல்வது, அதிலும் பெண்கள், இங்கே சர்வசாதாரணம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிடும். "நோக் நாளைக்குச் சொல்வாள்" என்றால் "நான் நாளைக்குச் சொல்கிறேன்". எம்.டி.யிடம் சிசிக்குப் புது முகவரி தேடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

செல்லப்பெயரில் கையொப்பம் போட்டது, இனி அப்படியே அழைக்கலாம் என்பதற்கான அனுமதி. அடுத்த மெயிலை Dear Khun Nok என்று தொடங்குங்கள். குன்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வெறும் நோக் என்று எழுத அவரோடு இன்னும் பழக்கம் வேண்டும். அவர்களுக்குள் `K.Nok` என்று சுருக்கி எழுதுவார்கள், அதுவும் குன்தான். முனைவர் பட்டம் பெற்றவராக இருந்தால் குன்னை விட்டுவிட்டு Dr. போட்டு முதல் பெயர். பல்கலைக்கழகத்து ஆள் என்றால் Ajarn போட்டு முதல் பெயர்.

ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், கூரியர் முகவரி இவற்றிலெல்லாம் முழுப்பெயர்தான். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி சாம்பிள் பார்சலில் நோக் என்று மட்டும் எழுதி அனுப்பினார். அந்தக் கட்டடத்தில் மூன்று நோக். பார்சல் வரவேற்பு மேசையிலேயே கிடந்தது.

வித்யா ஆர்.
சென்னையிலிருந்து பாங்காக் டீமுக்கு வேலை செய்கிறேன். அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். `ka` என்று மட்டும் பதில் வந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் நாம் 'ம்' கொட்டுவதுபோல, கேட்டுக்கொண்டேன் என்றுதான் பல சமயம் அர்த்தம். ஒரு டெலிவரி தேதியைச் சொல்லி எழுதினேன். "noted ka" என்று வந்தது. சரி, ஒத்துக்கொண்டார்கள் என்று எங்கள் மேனேஜர் மேலிடத்துக்கே சொல்லிவிட்டார். நான் திரும்பக் கேட்டபோதுதான் உற்பத்திப் பிரிவிடம் இன்னும் பேசவே இல்லை என்று தெரிந்தது. அதிலிருந்து, தேதியோ விலையோ அவர்கள் கையால் திரும்ப எழுதி வந்தால்தான் முடிந்தது என்று கணக்கு. `na ka` என்று வந்தால் அது கோரிக்கையை மென்மையாக்குவது. வெள்ளிக்குள் பி.ஓ. அனுப்புங்கள் `na ka` என்றால் கெஞ்சல் இல்லை, வெள்ளிக்கிழமை என்பது வெள்ளிக்கிழமைதான்.

நானே ஆங்கில மெயிலில் `ka` போடுகிறேன். பேச்சு இளகுகிறது.

நவரத்தினம், சீலோம்
உங்கள் டீமுக்குள் அது பொருந்தும் தாயி. புதுத் தொடர்பில் முதல் மெயிலிலேயே வெளிநாட்டுக்காரர் `krub` போடுவதை நான் விரும்புவதில்லை. ஒட்டு பேச்சுக்கு உரியது. இங்கே அரசாங்கக் கடிதங்களில் ஒட்டே இருக்காது, "ரியன்" என்று தொடங்கி, மரியாதையோடு என்ற பொருளில் ஒரு வரி எழுதி முடிப்பார்கள், அவ்வளவுதான். லைன் ஆப்பில் பேச ஆரம்பித்த பிறகு தாராளமாகப் போடலாம்.

வித்யா ஆர்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. என் முதல் மெயிலுக்கே அவர்கள் `ka` போட்டுத்தான் பதில் எழுதினார்கள். நான் மட்டும் ஏன் விறைப்பாக நிற்கவேண்டும்?

ஷர்மி, கொழும்பு
நான் சந்தபுரிக்கு நீலக்கல் அனுப்புறனான். எனக்கு இதே பெயர்ப் பிரச்சினை, மற்றப் பக்கத்தால. என்ட மெயிலில முதல்ல வாறது அப்பாட பெயர். அவை எல்லாரும் என்னை "குன்" போட்டு அப்பாட பெயராலதான் கூப்பிடினம். அப்பா செத்து எட்டு வருசம். ஒவ்வொரு மெயிலும் அவருக்கு வாற மாதிரி இருக்கு. எப்பிடி மாத்துறது?

நவரத்தினம், சீலோம்
அவர்கள் முதலில் நிற்கும் பெயரைத்தான் ஆளின் பெயர் என்று எடுப்பார்கள் தங்கச்சி. குடும்பப்பெயரே இங்கே 1913-இல் ஆறாம் ராமர் காலத்துச் சட்டத்தில் வந்ததுதான், அழைப்பதற்கு அது என்றைக்கும் பழகவில்லை. மெயில் செட்டிங்கில் உங்கள் பெயரை முன்னால் கொண்டுவாருங்கள், அப்பா பெயரை இனிஷியலாக்குங்கள். கையொப்பத்தில் வெறும் ஷர்மி. இரண்டு மூன்று மெயிலில் குன் ஷர்மி ஆகிவிடுவீர்கள். பேங்க் காகிதத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

லேடெக்ஸ் குமார்
அப்படியென்றால் நான் இத்தனை நாளும் `ka` போட்ட மூன்று பேரிடம் ஏதாவது சொல்லணுமா? ஒருவரும் திருத்தவே இல்லையே.

நவரத்தினம், சீலோம்
முகத்துக்கு நேரே திருத்தமாட்டார்கள் தம்பி. விளக்கம் வேண்டாம், இன்றையிலிருந்து `krub` என்று மாற்றுங்கள், போதும்.

கரூர் கணக்கன்
இன்றைக்கு Dear Khun Nok என்று எழுதினேன், ஒட்டு எதுவும் போடவில்லை. மீட்டர் விலையையும் முதல் லாட் தேதியையும் உங்கள் மெயிலிலேயே எழுதி உறுதிசெய்யுங்கள் என்று கேட்டிருந்தேன். மாலைக்குள் இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டார். மேலே என்னை "P'" போட்டு அழைத்திருக்கிறார். இது என்ன?

வித்யா ஆர்.
"பீ". அக்கா, அண்ணன் மாதிரி. உங்களை மூத்தவராக எடுத்துக்கொண்டார். நீங்கள் பதிலுக்கு `P'Nok` போட்டுவிடாதீர்கள், அவர் வயது தெரியாது. குன் நோக்காகவே இருக்கட்டும்.

நவரத்தினம், சீலோம்
இதில் வித்யா சொல்வதே சரி. ஆனால் நான்கே மெயிலில் பீ வந்தது கொஞ்சம் வேகம்தான். வயதைப் பார்த்தா, வாங்குகிற கம்பெனிக்காரர் என்ற பதவியைப் பார்த்தா என்று எழுத்தை வைத்துச் சொல்லமுடியாது. போனில் ஒருமுறை பேசிவிடுங்கள்.