0⁻ மதிப்புக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கிண்டி, மின்னியல் ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம். லாப்லாஸ் உருமாற்றப் பாடத்துக்கான சொற்பட்டியலில் ஓரிடம் இடிக்கிறது. சுவிட்ச் போடுவதற்குச் சற்று முந்தைய மதிப்பு y(0⁻). போட்ட உடனே வரும் மதிப்பு y(0⁺). இரண்டையும் "தொடக்க மதிப்பு" என்றே எழுதிவருகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் கணக்கே தவறிப்போகிறது.

10 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடர் இணைப்பில் உள்ளன. மின்தேக்கியில் மின்னூட்டம் இல்லை. t = 0-இல் 5 வோல்ட் கொடுக்கிறோம். மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் v, கொடுத்த மின்னழுத்தம் x. RC சரியாக 1 நொடி என்பதால் சமன்பாடு எளிமையாக வருகிறது:

```
v' + v = x'
sV − v(0) + V = sX − x(0),   X = 5/s
(s + 1)V = 5 + v(0) − x(0)
```

மூன்றாவது வரியில்தான் சிக்கல். இரண்டு இடத்திலும் 0⁻ போட்டால் 5 + 0 − 0. இரண்டிலும் 0⁺ போட்டால் 5 + 5 − 5. எப்படிப் போட்டாலும் v = 5e⁻ᵗ கிடைக்கும். மின்தேக்கியின் மின்னழுத்தம் சட்டென்று தாவாது. ஆகவே முதல் கணத்தில் 5 வோல்ட்டும் மின்தடை மேல்தான் விழும். விடை அதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் v-க்கு "முன்பு ஒன்றுமில்லை" என்று 0-வும், x-க்கு "5 வோல்ட் கொடுத்தாயிற்றே" என்று 5-உம் போட்டால் வலப்பக்கம் முழுதும் அடிபட்டு v = 0 ஆகிவிடும். மாற்றிக் கலந்தால் 10e⁻ᵗ வரும். 5 வோல்ட் மூலத்திலிருந்து 10 வோல்ட்! விடைத்தாளில் இந்த மூன்று விடையும் வருகின்றன. எழுதியவர்கள் எல்லோரும் "தொடக்க மதிப்பைப் பிரதியிட" என்ற ஒரே வரியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள்.

என் பரிந்துரை: 0⁻-க்கு முன்கண மதிப்பு, 0⁺-க்கு பின்கண மதிப்பு.

பெரம்பூர், இயந்திரவியல்

அம்மா, இது மின்சுற்றுக்காரர்கள் பாடு என்றுதான் தோன்றுகிறது. சுருள்வில்லில் தொங்கும் நிறையின் மேல் திடீரென்று விசை கொடுத்தாலும் அதன் இடம் தாவாது, வேகமும் தாவாது. 0⁻ என்றாலும் 0⁺ என்றாலும் ஒரே எண். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் தொடங்கியவை சிவிலும் மெக்கானிக்கலும்தான். அந்த மாணவர்களுக்கு ஒரு சொல் போதும். இரண்டு கொடுத்தால் இல்லாத குழப்பம் வரும்.

கிண்டி, மின்னியல் ஆசிரியை

ஐயா, படிச் சார்பாக வரும் விசைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சுத்தியலால் தட்டினால் சரியில்லை. 2 கிலோ நிறை, வில் மாறிலி 8 நியூட்டன்/மீட்டர், அசையாமல் நிற்கிறது. 6 நியூட்டன்-நொடி கணத்தாக்கு கொடுங்கள்.

```
2y'' + 8y = 6δ(t),   y(0⁻) = 0,  y'(0⁻) = 0
Y = 6/(2s² + 8) = 3/(s² + 4)
y = 1.5 sin 2t,   y' = 3 cos 2t
```

இடம் தாவவில்லை. வேகம் 0-விலிருந்து 3 மீட்டர்/நொடிக்குத் தாவிவிட்டது. 6-ஐ நிறை 2-ஆல் வகுத்தால் வருவதும் அதே 3. இப்போது சரிபார்க்கும் மாணவர் y'-இல் t = 0 போட்டுப் பார்க்கிறார். 3 வருகிறது. கேள்வித்தாளில் y'(0) = 0 என்றிருக்கிறது. சரியான விடையை அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். கொடுத்தது முந்தைய வேகம், கிடைத்தது பிந்தைய வேகம் என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை.

இதைவிட ஒரு சங்கடம் உண்டு. s-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோய் sY-இன் எல்லையைக் காணும் தேற்றத்துக்கு நாம் வைத்த பெயர் "தொடக்க மதிப்புத் தேற்றம்". அது தருவது y(0⁺). வகைக்கெழுவின் உருமாற்றத்தில் கழிக்கும் "தொடக்க மதிப்பு" y(0⁻). ஒரே பாடத்தில் ஒரே பெயருக்கு இரண்டு பொருள்.

தாம்பரம், கட்டமைப்புப் பொறியாளர்

நான் உத்திரத்தின் வளைவுக்கு லாப்லாஸ் பயன்படுத்துகிறேன். இடது முனையில் x = 0. அங்கே நான்கு மதிப்பு வேண்டும்; இரண்டுதான் தெரியும். மற்ற இரண்டை A, B என்று வைத்துக்கொண்டு போய், வலது முனையின் நிபந்தனையிலிருந்து கண்டுபிடிப்பேன். இதில் எது முன்கணம்? காலமே இல்லையே.

கிண்டி, மின்னியல் ஆசிரியை

தம்பி, உங்களுடையது எல்லை மதிப்புக் கணக்கு. நான் கேட்டது தொடக்க மதிப்புக் கணக்கைப் பற்றி. அங்கே எல்லா நிபந்தனையும் ஒரே புள்ளியில் கொடுக்கப்பட்டிருக்கும். A, B என்று எதையும் நிலுவையில் வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் கேள்வி என் சொல்லைத்தான் தைக்கிறது. "கணம்" காலத்தோடு ஒட்டிய சொல். இடது முனையிலேயே ஒரு புள்ளிச்சுமை வைத்தால் உத்திரத்துக்கும் 0⁻, 0⁺ பிரச்சினை வரும். அங்கே அந்தச் சொல் பொருந்தாது.

மயிலாப்பூர், சொல்லாக்கம்

கணத்தில் இன்னொரு இடர். பள்ளிக் கணிதத்தில் கணம் என்றால் வெற்றுக்கணம், உட்கணம்தான் நினைவுக்கு வரும். "முன்கணம்" என்று படிக்கும் பிள்ளை எந்தக் கணத்துக்கு முன்னால் என்று கேட்கும்.

கணக்குப்பதிவியலைப் பாருங்கள். இன்றைய வரவு செலவு எதையும் எழுதுவதற்கு முன் முதல் வரியில் நிற்பது தொடக்க இருப்பு. நேற்று மிச்சம் வந்தது அது. y(0⁻) அதேதானே? உள்ளீடு கை வைப்பதற்கு முன் அமைப்பில் இருந்தது. 0⁻-க்குத் தொடக்க இருப்பு என்று வைத்தால் "தொடக்க மதிப்பு" 0⁺-க்கு மட்டும் நிற்கும். தேற்றத்தின் பெயரையும் மாற்ற வேண்டாம். சுருக்கமாக "முன்னிருப்பு" என்று ஆக்கிவிடாதீர்கள். மென்பொருள் தமிழாக்கத்தில் அது வேறு பொருளில் ஊறிவிட்டது.

பெரம்பூர், இயந்திரவியல்

சுத்தியல் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். தட்டுவதையும் சேர்த்தால் இரண்டு சொல் வேண்டும். தொடக்க இருப்பு நன்றாகவே இருக்கிறது: வில்லில் இருந்த நீட்சி, நிறையில் இருந்த வேகம். இரண்டும் ஆற்றல் இருப்புதான்.

கிண்டி, மின்னியல் ஆசிரியை

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் எடுத்துக்காட்டுக்குத் திரும்புங்கள். அங்கே v மின்தடையின் மின்னழுத்தம். மின்தடையில் எதுவும் இருப்பில் நிற்காது, இருப்பு மின்தேக்கியில்தான். x-ஓ வெளியிலிருந்து வரும் உள்ளீடு. v(0⁻), x(0⁻) இரண்டையும் "தொடக்க இருப்பு" என்றால் இயற்பியல் பிசகும். மின்தேக்கியின் மின்னழுத்தத்தையே மாறியாக எடுத்து எழுதினால் பிசகாது. அப்போது x' என்ற தொல்லையும் ஒழிகிறது:

```
c' + c = 5,   c(0⁻) = c(0⁺) = 0
C = 5/(s(s + 1)),   c = 5(1 − e⁻ᵗ),   v = 5 − c = 5e⁻ᵗ
```

மாணவருக்கு நான் சொல்லும் வழியும் இதுவே: முடிந்தவரை தாவாத அளவை மாறியாக எடு. முடியாதபோது எல்லா இடத்திலும் 0⁻ மட்டுமே போடு, 0⁺-ஐ விடையிலிருந்து படித்துக்கொள்.

ஆகவே பட்டியலில் தற்காலிகமாக இப்படி எழுதுகிறேன். ஆற்றலைத் தேக்கும் அளவின் 0⁻ மதிப்பு: தொடக்க இருப்பு. எந்தச் சார்புக்கும் பொதுவாக 0⁻, 0⁺: முந்துமதிப்பு, பிந்துமதிப்பு. தேற்றத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். "பிந்துமதிப்பைத் தருவது" என்று விளக்க வரியில் சேர்த்துவிடுவோம்.

மயிலாப்பூர், சொல்லாக்கம்

மூன்று சொல் ஆகிவிட்டதே, அம்மா. பொதுச்சொல்லுக்குப் பள்ளி நூலில் பழகிய "இடப்பக்க எல்லை", "வலப்பக்க எல்லை" போதாதா? உத்திரத்துக்கும் பொருந்தும்.

தாம்பரம், கட்டமைப்புப் பொறியாளர்

உத்திரத்தில் "வலப்பக்க எல்லை" என்றால் நாங்கள் மறுமுனைத் தாங்கியைப் பார்ப்போம்.