விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் சூடேறவில்லை

மாலதி, காலை 7.40
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் சில மாதங்களாக மெல்ல மெல்லத் தளர்ந்து வருகிறது. முன்பு ஒன்றரை நிமிடத்தில் கொதிக்கும் ஒரு குவளைத் தண்ணீருக்கு இப்போது மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, விசிறிச் சத்தமும் வழக்கம்போலவே கேட்கிறது. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சேகர் அண்ணா, இது எதனால் என்று சொல்ல முடியுமா?

ராஜம், காலை 7.52
மாலதி, சூடு குறைந்தால் அந்த அலைகள் வெளியே கசிகின்றன என்று பொருளாகிவிடாதா? அதை முதலில் நிறுத்தி வை. எங்கள் வீட்டிலும் சாப்பாட்டின் ஓரம் கொதிக்கிறது, நடுப்பகுதி சில்லென்று இருக்கிறது. அதனால் நான் அதன் பக்கத்தில் நிற்பதே இல்லை.

கார்த்திக், காலை 8.05
சித்தி, இது பெரும்பாலும் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் பழுதாகத்தான் இருக்கும். மாலையில் மல்டிமீட்டரோடு வருகிறேன். மூடியைக் கழற்றி, மேக்னட்ரானுக்குள் சூடாகும் ஃபிலமென்ட் கம்பியின் மின்தடையை அளந்தால் தெரிந்துவிடும். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் மேக்னட்ரான் நன்றாக இருக்கிறது. அப்படியானால் பழுது மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் இருக்க வேண்டும். ஓடும்போது உயர் மின்னழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சேகர், காலை 8.31
கார்த்திக், மூடியில் கை வைக்காதே. ஏன் என்று மாலையில் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் நீ சொன்ன சோதனையைப் பற்றி ஒன்று. மின்தடை அளவு ஃபிலமென்ட் அறுந்துபோகவில்லை என்பதை மட்டுமே காட்டும். வயதான மேக்னட்ரானில் பெரும்பாலும் கம்பி அறுவதில்லை. தோரியம் கலந்த அந்த டங்ஸ்டன் கம்பி எலெக்ட்ரான்களை உமிழும் திறனைத்தான் ஆண்டுக்கணக்கில் இழக்கிறது. மின்தடைச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய மேக்னட்ரான், பாதித் திறனில் ஓடியதை நான் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாலதி, நீ மூடியைத் திறக்காமலே ஒரு அளவை எடுத்துக் கொடு. கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள். வெப்பமானியை வெளியே எடுத்துவிட்டு, முழுத் திறனில் இரண்டு நிமிடம் ஓட்டி, மறுபடியும் அளந்து சொல்.

அக்கா, உங்கள் வீட்டில் தட்டு சுற்றுகிறதா?

ராஜம், காலை 8.44
இல்லை சேகர். கீழே இருந்த சக்கர வளையம் உடைந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்திருக்கிறேன்.

சேகர், காலை 8.50
அப்படியென்றால் உங்களுடையது வேறு சிக்கல், அக்கா. உள்ளே அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. தட்டு சுற்றுவதால்தான் சாப்பாட்டின் ஒவ்வொரு பகுதியும் சூடான இடத்தைக் கடந்து போகிறது. வளையத்தை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள். கசிவு என்பது கதவும் அதன் விளிம்பும் சம்பந்தப்பட்டது. மேக்னட்ரான் தளர்ந்தால் உள்ளே உண்டாகும் அலையே குறைகிறதே தவிர, அது வெளியே போய்விடுவதில்லை.

மாலதி, காலை 10.15
அளந்துவிட்டேன், அண்ணா. முதலில் 24 டிகிரி, இரண்டு நிமிடம் கழித்து 41 டிகிரி. ஆனால் நான் தண்ணீரைக் கலக்காமல் மேலாக அளந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. புதுத் தண்ணீர் ஊற்றி, இறுதியில் நன்றாகக் கலக்கி அளந்தபோது 24இலிருந்து 35 வரை மட்டுமே ஏறியது.

சேகர், காலை 10.40
இரண்டாவது அளவுதான் சரி. மேல்பரப்புத் தண்ணீர் எப்போதும் கூடுதலாகக் காட்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். அதை 120 நொடிகளில் பகிர்ந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் 35 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். உனக்கு 11 டிகிரி, ஆக 385 வாட். பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கார்த்திக், காலை 10.58
சித்தி அனுப்பிய படத்தில் 1,250 வாட் என்று இருக்கிறது, மாமா. அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லையே!

சேகர், காலை 11.06
அது சுவரிலிருந்து அது இழுக்கும் அளவு. அதற்குக் கீழே 800 வாட் என்று இருக்கும், அதுதான் உள்ளே வெளிப்படுவது. பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும், முதல் இரண்டு மூன்று நொடிகள் ஃபிலமென்ட் சூடாவதில் போகும். அதனால் நல்ல நிலையில் இருந்தாலும் 23 டிகிரி முழுதாக வராது; 19, 20 வந்தாலே நான் குறை சொல்ல மாட்டேன். 11 என்பது குறைவுதான். ஓடும்போது வீட்டு விளக்குகள் மங்குகின்றனவா? வரும் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் இப்படிப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் மைக்ரோவேவ் சட்டென்று தளர்ந்துவிடும்.

மாலதி, பிற்பகல் 1.20
விளக்குகள் மங்கவில்லை. வேறு அறையில், வேறு இணைப்பில் செருகியும் பார்த்தேன். அதே 11 டிகிரிதான்.

விமலா, பிற்பகல் 1.45
அப்பா, பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் இடையில் செருகும் வாட் மீட்டர் கார்த்திக்கிடம் இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தால் மேலும் தெளிவாகத் தெரியாதா? அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது எனக்கும் கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் முதல் இரண்டு நிமிடம் நன்றாகச் சூடாக்குகிறது, பிறகு சோர்ந்துவிடுகிறது.

கார்த்திக், மாலை 5.30
பார்த்துவிட்டேன், மாமா. முழுத் திறனில் ஓடும்போது 690 வாட்தான் இழுக்கிறது. தகட்டில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

சேகர், மாலை 6.10
மிகவும் பயனுள்ள அளவு. உள்ளே போவதும் குறைந்திருக்கிறது, வெளியே வருவதும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது. எலெக்ட்ரான் உமிழ்வு தளர்ந்த மேக்னட்ரான் இப்படித்தான் நடந்துகொள்ளும்: அதன் வழியே ஓடும் மின்னோட்டமே குறைந்துவிடுகிறது. விமலா, உன்னுடையதில் மீட்டர் முழு அளவைக் காட்டியும் தண்ணீர் சூடேறவில்லை என்றால், சூட்டில் மேக்னட்ரானின் காந்த வளையங்கள் வலுவிழப்பதாகச் சந்தேகப்படலாம். மீட்டரும் சேர்ந்து இறங்கினால் கட்டுப்பாட்டுப் பலகையே திறனைக் குறைப்பதாக இருக்கலாம். காற்று வழியில் தூசி அடைத்திருந்தால் அப்படி நேரும். மீட்டர் வந்த பிறகு பேசுவோம்.

ஆனால் மாலதியின் விஷயத்தில், மேக்னட்ரான்தான் காரணம் என்று வெளியிலிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஃபிலமென்ட்டுக்கு 3.3 வோல்ட்தான் போகிறது, ஆனால் ஓடுவது 10 ஆம்பியர். அங்கே செருகியிருக்கும் முனை தளர்ந்து 0.05 ஓம் தடை உண்டானால்கூட அரை வோல்ட் அங்கேயே போய்விடும். கம்பி போதிய சூடு அடையாது, உமிழ்வு சரிந்துவிடும். கெப்பாசிட்டர் தன் கொள்ளளவை இழந்தாலும் இதே அறிகுறிதான். இவற்றைப் பிரித்தறிய மூடியைத் திறக்க வேண்டும், அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

கார்த்திக், மாலை 6.22
பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்தால் என்ன ஆபத்து, மாமா? கெப்பாசிட்டருக்குள்ளேயே மின்னேற்றத்தை வடிக்கும் ரெசிஸ்டர் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். தவிர, எங்கள் வீட்டைப் போலவே சித்தி வீட்டிலும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டிருக்கிறார்கள்.

சேகர், இரவு 7.15
நீ படித்தது சரிதான், கார்த்திக். பெரும்பாலானவற்றில் 10 மெகாஓம் அளவில் அப்படி ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது வேலை செய்தால் ஒரு நிமிடத்துக்குள் மின்னேற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் அது உடைந்துபோயிருந்தால் வெளியிலிருந்து பார்த்து அறிய வழியே இல்லை. அப்போது பிளக்கைக் கழற்றிய பின்னும் 2,000 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தங்கியிருக்கக்கூடும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்த ரெசிஸ்டரை நம்பி ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே குனிந்தான். அதன் முனை உருகியது. விரல் தப்பியது தற்செயல்தான், இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆர்சிசிபியை நம்பி இருந்துவிடாதே என்று உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள் வரும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோதுதான் அது துண்டிக்கும். மைக்ரோவேவின் உயர் மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து வருகிறது. அதைத் தொட்டவரின் உடல் வழியே ஓடும் மின்னோட்டம் உலோகக் கூட்டுக்குப் போய் அதே சுற்றுக்குத் திரும்பிவிடுகிறது. சுவர்ப் பக்கத்தில் எந்த ஏற்றத்தாழ்வும் தெரியாது, ஆர்சிசிபி அசையாமல் இருக்கும். அந்தச் சுற்றோ ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தரக்கூடியது.

ஓடும்போது அளப்பது இன்னும் மோசம். மேக்னட்ரானின் ஃபிலமென்ட் முனைகள் கூட்டைப் பொறுத்து ஏறத்தாழ 4,000 வோல்ட்டில் இருக்கின்றன. உன் மல்டிமீட்டரின் எல்லை 600 அல்லது 1,000 வோல்ட்டாக இருக்கும். மின்பொறி மீட்டருக்குள்ளேயே தாவி, அதைப் பிடித்திருக்கும் கைக்கு வந்துவிடும். நாங்களே அதை ஓடும்போது அளப்பதில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, காத்திருந்து, காப்பிடப்பட்ட கருவியால் கெப்பாசிட்டரை வடித்து, வடிந்ததா என்று உறுதி செய்த பிறகே ஒவ்வொரு பாகமாகச் சோதிப்போம். ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றைக் கழற்றி வைத்துத்தான் மற்றவற்றைப் பார்ப்போம்.

கார்த்திக், இரவு 7.40
ஆர்சிசிபி விஷயம் எனக்கு உண்மையாகவே தெரியாது, மாமா. திறக்க மாட்டேன்.

மாலதி, மூன்று நாள் கழித்து, காலை 11.30
இன்று பழுது பார்ப்பவர் வந்து போனார். ஃபிலமென்ட் முனைகளில் ஒன்று பழுப்பேறித் தளர்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிய முனை போட்டார். பிறகு நான் தண்ணீர்ச் சோதனை செய்தேன்: 14 டிகிரி. மேக்னட்ரானையும் மாற்ற வேண்டும் என்கிறார்.

சேகர், பிற்பகல் 12.05
490 வாட் என்றால் முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் போதாது. முனை எவ்வளவு காலம் தளர்ந்திருந்தது என்று தெரியாததால், மீதிக் குறை முழுவதும் மேக்னட்ரானுடையதா என்று இப்போது சொல்ல முடியாது. அதை மாற்றுவதற்கு முன், கெப்பாசிட்டரை வடித்துவிட்டு அதன் கொள்ளளவை அளந்தாரா என்று கேள். மாற்றினால், மேக்னட்ரானுக்கும் அலைக்குழாய்க்கும் நடுவே இருக்கும் கம்பி வலை வளையத்தைச் சரியாகப் பொருத்தி, பிறகு கசிவுமானியால் சோதிக்கச் சொல். கூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது.

ராஜம், பிற்பகல் 12.20
சேகர், உள்ளே செல்போனை வைத்து அழைப்பு வருகிறதா என்று பார்த்தால் கசிவு தெரியும் என்கிறார்களே?

சேகர், பிற்பகல் 12.31
அது நம்பத்தக்க சோதனை இல்லை, அக்கா. மிகச் சிறிய சிக்னலிலும் செல்போன் வேலை செய்துவிடும். மைக்ரோவேவ் பழுதில்லாமல் இருந்தாலும் மணி அடிக்கும். அதற்கென்றே செய்யப்பட்ட கசிவுமானியை மட்டும் நம்புங்கள்.

மாலதி, பிற்பகல் 1.10
அவர் கெப்பாசிட்டரை அளக்கவில்லையாம், அண்ணா. நாளை மறுநாள் மீட்டருடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பயன்படுத்தலாமா?

சேகர், பிற்பகல் 1.18
வெளிச்சப் பொறியோ, கருகல் நெடியோ, வழக்கத்துக்கு மாறான இரைச்சலோ இல்லாவிட்டால் தண்ணீர் சூடாக்கலாம். மிஞ்சிய சாப்பாட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து, நடுவில் கிளறி, உள்வரை நன்றாகச் சூடேறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். அவர் அளந்த எண்ணை எனக்கு அனுப்பு.